தானாக வெட்டும்போது குடைக் கம்பி மட்டும் ஏன் காணாமல் போகிறது?

விரித்த கறுப்புக் குடையோடு ஒரு பெண் நிற்கும் படம். குடை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கிறது. அதனால் துணியின் உட்புறமும், தண்டிலிருந்து துணியை நோக்கி விரியும் துணைக் கம்பிகளும் நன்றாகத் தெரிகின்றன. பின்னால் வெளிறிய வானம், ஓரத்தில் ஒரு மரம். வானத்தை எடுத்துவிட்டு அந்தி நேரத்து வானத்தை வைக்க வேண்டும். போட்டோஷாப்பில் Select Subject அழுத்தினால் சில நொடிகளில் பெண், புடவை, கை, குடைத் துணி எல்லாம் அழகாகப் பிடிபட்டு விடுகின்றன. தலைமுடியைக்கூட ஓரளவு பிடித்துவிடுகிறது. ஆனால் துணைக் கம்பிகளில் துணிக்கு முன்னால் இருக்கும் பகுதி மட்டும்தான் மிஞ்சுகிறது. வானத்துக்கு முன்னால் போகும் பகுதி பாதியில் அறுந்து நிற்கிறது. இல்லாவிட்டால் இதற்கு நேர்மாறாக, இரண்டு கம்பிகளுக்கு நடுவே தெரியும் வானத்தையும் சேர்த்து, முக்கோணம் முக்கோணமாகப் பழைய பின்னணி ஒட்டிக்கொண்டு வருகிறது.

பட்டத்தின் நூல், பலூன் கட்டிய நாடா, ஊஞ்சல் கயிறு, கொடியில் துணி காயப்போட்ட கம்பி என்று எல்லாவற்றிலும் இதே கதைதான். பல வருடங்களாக ஆல்பங்களுக்கும் கடைப் பட்டியல்களுக்கும் பின்னணி நீக்கிக் கொடுப்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மெல்லிய பொருளை ஒரு 'பரப்பு' என்று நினைத்து அதன் ஓரத்தைத் தேடினால் நேரம் வீணாகும். அதை ஒரு 'கோடு' என்று நினைக்க வேண்டும். கோட்டுக்கு ஒரு நடுவும் ஒரு தடிமனும் ஒரு நிறமும் உண்டு. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

கருவி ஏன் இதில் தோற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். காரணம் தெரிந்தால், எந்தப் படத்தில் பொத்தானை நம்பலாம், எதில் நம்பக் கூடாது என்பது படத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

சுருக்கினால் மறைந்து போகிறது, சுற்றளவு பார்த்தால் வெட்டப்படுகிறது

இன்று பின்னணி நீக்கும் கருவிகளில் பெரும்பாலானவை கற்பிக்கப்பட்ட நரம்பு வலையமைப்புகளை வைத்து ஓடுகின்றன. இவை பொதுவாக நம் படத்தை முழு அளவில் பார்ப்பதில்லை. முதலில் சுருக்குகின்றன, சுருங்கிய படத்தில் எது பொருள் எது பின்னணி என்று முடிவு செய்கின்றன, பிறகு அந்த முடிவை மறுபடி பெரிதாக்கித் தருகின்றன. இலவசமாகக் கிடைக்கும் பல கருவிகளுக்கு அடியில் இருக்கும் U2-Net என்ற மாதிரியை எடுத்துக்கொள்வோம். 2020-ல் வெளிவந்தது. இது படத்தை 320க்கு 320 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. நம் குடைப் படம் 6000 பிக்சல் அகலம். அதை 320 ஆக்கினால் ஏறக்குறைய பத்தொன்பது பிக்சல் ஒன்றாகிவிடுகிறது. 4 பிக்சல் தடிமன் உள்ள துணைக் கம்பி அந்தச் சின்னப் படத்தில் ஒரு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது வானத்தின் நிறத்தில் மிக லேசான அழுக்கு மாதிரித்தான் அது தெரியும். அந்தச் சுருங்கிய படத்தை நம்மிடம் கொடுத்தால் நமக்கும் கம்பி தெரியாது. புதிய கருவிகள் இதைவிடப் பெரிய அளவில் பார்க்கின்றன, முடிவைப் பிறகு செம்மையும் செய்கின்றன. ஆனாலும் சுருக்கிப் பார்க்கும் அளவுக்கும் கம்பியின் தடிமனுக்கும் உள்ள விகிதம்தான் கடைசியில் தீர்மானிக்கிறது.

பழைய வழிமுறைகளிலும் கம்பி தப்பவில்லை. 2004-ல் வந்த கிராப்கட் போன்றவை படத்தை முழு அளவிலேயே பார்க்கக்கூடியவை. பொருளைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தால், நிறத்தை வைத்துப் பொருளையும் பின்னணியையும் பிரிக்கும். எங்கே பிரிப்பது என்று தேடும்போது அவை ஒரு செலவுக் கணக்குப் போடுகின்றன. எல்லைக்கோடு நீள நீளச் செலவு கூடும். நிறம் சட்டென்று மாறும் இடத்தில் எல்லை போனால் செலவு குறைவு, ஆனாலும் செலவே இல்லாமல் போகாது. இப்போது 4 பிக்சல் தடிமனும் 800 பிக்சல் நீளமும் உள்ள ஒரு கம்பியை நினைத்துப் பாருங்கள். அதன் சுற்றளவு 1608 பிக்சல். அதே பரப்பளவுள்ள ஒரு சதுரத்துக்குச் சுற்றளவு 230-ஐக்கூடத் தாண்டாது. கம்பியைப் பொருளோடு சேர்த்தால் இருபுறமும் நீண்ட எல்லைக்குச் செலவழிக்க வேண்டும். அடியில் குறுக்கே வெட்டிவிட்டால் வெறும் 4 பிக்சல் எல்லை போதும். கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கருவியில் பிழை எதுவும் இல்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத்தான் செய்கிறது. குட்டையான எல்லையைத் தேடும் ஒரு முறை, நீண்டு மெலிந்த எதையும் இயல்பாகவே நறுக்கிவிடும்.

மூன்றாவதாக ஒரு சிக்கல் இருக்கிறது. இது கருவியோடு சம்பந்தப்பட்டதே இல்லை, படத்துக்குள்ளேயே இருப்பது. மெல்லிய கம்பியின் ஓரப் பிக்சல் முழுக்கக் கம்பியும் இல்லை, முழுக்க வானமும் இல்லை. இரண்டும் கலந்தது. பெரிய பொருளில் இந்தக் கலப்பு ஓரம் மொத்தப் பரப்பில் ஒரு துளி. 4 பிக்சல் கம்பியில் அது கிட்டத்தட்டப் பாதி. ஒரு பிக்சலுக்கும் மெல்லிய நூலிலோ சுத்தமான நூல் நிறம் உள்ள பிக்சல் ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் கலப்புதான் அடுத்து வரும் எல்லா வேலைக்கும் அடிப்படை.

தடிமனை எண்ணிப் பார்ப்பது

குடைப் படத்தை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, ஒரு துணைக் கம்பிக்குக் குறுக்காக நீல சேனலின் மதிப்புகளைப் படித்தேன். வானம் 230. அதை ஒட்டி 173. பிறகு 40, 40, 40. பிறகு 116. அதற்கப்பால் மறுபடியும் வானம், 230. இதில் 40 என்பதுதான் கம்பியின் உண்மையான மதிப்பு, 230 என்பது பின்னணி. இடைப்பட்ட இரண்டும் கலப்பு. ஒரு கலப்புப் பிக்சலில் கம்பியின் பங்கு எவ்வளவு என்பதற்குச் சின்னக் கணக்கு இருக்கிறது.

```
பங்கு = (பின்னணி − பிக்சல்) / (பின்னணி − கம்பி)
(230 − 173) / (230 − 40) = 0.3
(230 − 116) / (230 − 40) = 0.6
```

இந்தப் பங்குகளை எல்லாம் கூட்டினால் 0.3, மூன்று முழுப் பிக்சல், 0.6. ஆக 3.9. கம்பியின் உண்மையான தடிமன் இதுதான். கண்ணால் பார்த்தால் ஐந்து பிக்சல் என்று தோன்றும், ஏனென்றால் கலப்புப் பிக்சல்களையும் கண் கம்பியாகவே எண்ணிக்கொள்ளும். 5 என்று வைத்து வேலை செய்தால் கம்பி கால் பங்குக்கு மேல் தடித்துவிடும். படத்தைப் பார்ப்பவருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் குடை கனமாக, பொம்மைக் குடை மாதிரித் தெரியும். ஒவ்வொரு கம்பிக்கும் இப்படி எண்களைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு கம்பியில் இரண்டு இடத்தில் பார்த்தால் போதும். கேமராவுக்கு அருகே வரும் கம்பி கொஞ்சம் தடிமனாகவும், பின்னால் போகும் கம்பி மெலிந்தும் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இந்தப் படத்தில் முன்னால் இருந்தவை 4 பிக்சல், பின்னால் இருந்தவை 3.

நடுக்கோட்டை வரைவது

இப்போது வேலைக்கு வருவோம். பெண்ணையும் குடைத் துணியையும் தண்டையும் தானியங்கிக் கருவியே வெட்டட்டும், அதில் அது கெட்டி. பிறகு மாஸ்க்கில் பாதியில் அறுந்து நிற்கும் கம்பித் துண்டுகளைக் கறுப்புப் பிரஷ்ஷால் துணியின் ஓரம் வரை சுத்தமாக அழித்துவிடுகிறேன். அரைகுறையாக வந்ததைக் காப்பாற்றி ஒட்டுப்போடுவதைவிட, இல்லாமலே தொடங்குவது எளிது.

அடுத்து பென் டூலை எடுத்து, மேலே இருக்கும் பட்டியில் Path என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். Shape என்று இருந்தால் அது வேறு வேலை செய்துவிடும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பென் டூல் என்றதும் பழக்கத்தில் கம்பியின் இரு ஓரங்களையும் சுற்றி வரைந்து மூடுகிறார்கள். 4 பிக்சல் கம்பியின் ஒரு பக்கத்தில் கை ஒரு பிக்சல் விலகினால் தடிமனில் கால் பங்கு போச்சு. இன்னொரு பக்கமும் விலகினால் கம்பி ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் இளைத்தும் நிற்கும். நடுவில் ஒரே ஒரு கோடு வரைந்தால் இந்தப் பிரச்சினையே எழாது. கோடு ஒரு பிக்சல் தள்ளிப் போனாலும் தடிமன் கடைசி வரை ஒரே மாதிரி இருக்கும். மனிதக் கண் இடமாற்றத்தை மன்னிக்கும், தடிமன் ஏறி இறங்குவதை மன்னிக்காது.

நேரான கம்பிக்கு இரண்டே புள்ளி. லேசாக வளைந்திருந்தால், அந்த இரண்டு புள்ளிகளிலும் கைப்பிடியை இழுத்து வளைவு கொடுத்தால் போதும். நடுவில் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்ன முறிவு வரும், இழுத்துக் கட்டிய கம்பி நெளிந்த மாதிரி ஆகிவிடும். ஒரு கம்பி முடிந்ததும் Ctrl பிடித்து வெளியே ஒரு கிளிக் செய்தால் கோடு அங்கேயே நின்றுவிடும், அடுத்த கம்பியைத் தொடங்கலாம். ஒரே தடிமன் உள்ளவற்றை ஒரே பாத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு 'கம்பி 4', 'கம்பி 3' என்று இரண்டு பாத் ஆயின.

கோட்டின் இரு முனைகளையும் துணிக்குள்ளும் தண்டுக்குள்ளும் பத்துப் பதினைந்து பிக்சல் நீட்டிவிட வேண்டும். காரணம் இதோ. நான் கோட்டை மாஸ்க்கில் வரைவதில்லை. வெட்டி எடுத்த பெண்ணுக்குக் கீழே ஒரு வெற்று லேயர் போட்டு, அதில் வரைகிறேன். கம்பி லேயர் கீழே இருப்பதால், நீட்டிய முனைகள் துணிக்கும் தண்டுக்கும் பின்னால் போய் மறைந்துகொள்ளும். சேரும் இடத்தில் இடைவெளியும் தெரியாது, ஒட்டும் தெரியாது.

வெற்று லேயரைத் தேர்ந்தெடுத்து, வட்டப் பிரஷ்ஷை 4 பிக்சலுக்கு வைத்து, Paths பட்டியலில் Stroke Path கொடுத்து அதில் Brush என்று தேர்ந்தெடுத்தால் 'கம்பி 4' பாத்தில் உள்ள எல்லாக் கம்பிகளும் ஒரே நொடியில் வந்துவிடும். அங்கே Pencil என்று இருந்தால் ஓரம் படிக்கட்டு மாதிரி உடையும். Simulate Pressure என்ற பெட்டியில் டிக் இருந்து, பிரஷ்ஷின் அளவு பேனா அழுத்தத்தைப் பின்பற்றும்படியும் இருந்தால், கோடு இரு முனையிலும் கூராகிவிடும். துணைக் கம்பிக்கு அது வேண்டாம். பிரஷ்ஷின் Spacing அளவையும் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிடுங்கள். இடைவெளி கூடுதலாக இருந்தால் மென்மையான பிரஷ் ஒரு கோடாக ஓடாமல் பாசிமணி கோத்த மாதிரிப் புள்ளி புள்ளியாக விழும். படத்தை 100 விழுக்காடு அளவில் பார்த்தால் இது கண்ணுக்குப் படாது, அச்சில் பட்டுவிடும்.

கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வழிதான். அங்கே பாத் வரைந்துவிட்டு Stroke Path போனால் கோட்டின் அகலத்தையே பிக்சலில் எழுதலாம். பிரஷ்ஷைத் தேட வேண்டியதில்லை.

குடைத் துணியின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் மட்டும் வேறு. அவை அடியில் தடித்து நுனியில் குறுகுபவை. அந்த ஐம்பது அறுபது பிக்சல் நீளத்துக்கு நாலு புள்ளியில் மூடிய ஒரு ஆப்பு வடிவம் வரைந்து நிரப்புவதே சரி. அது குட்டையான பொருள் என்பதால் ஓரம் வரைவதில் தவறு வராது.

ஏன் பழைய பிக்சலை வைத்துக்கொள்ளக் கூடாது?

கம்பி படத்திலேயே இருக்கும்போது அதை ஏன் புதிதாக வரைய வேண்டும், மாஸ்க்கில் அந்தக் கோட்டை வெள்ளையாக்கினால் பழைய கம்பியே தெரியுமே என்று கேட்கலாம். நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஒரு கடையின் பட்டியலுக்காகச் செய்த குடைப் படம் அச்சாகி வந்தபோது, ஒவ்வொரு கம்பிக்கும் இருபுறமும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. திரையில் வெளிர் பின்னணியில் பார்த்தபோது தெரியவில்லை. அச்சில் பின்னணி கரும்பச்சை.

என்ன நடக்கிறது என்று எண்ணிலேயே பார்த்துவிடலாம். நம் படத்தில் 173 என்றிருந்த ஓரப் பிக்சலை எடுத்துக்கொள்வோம். அதில் கம்பியின் பங்கு 0.3 என்று சரியாகவே கணக்கிட்டு மாஸ்க்கும் போட்டுவிட்டோம். புதுப் பின்னணியின் மதிப்பு 60 என்றால், முப்பது விழுக்காடு 173-ம் எழுபது விழுக்காடு 60-ம் கலந்து 94 வரும். கம்பி 40, பின்னணி 60, நடுவில் 94. இரண்டையும் விட வெளிறிய ஒரு கோடு. அதுதான் அந்த வெள்ளை ஓரம். மாஸ்க் சரியாக இருந்தும் படம் கெடுகிறது, ஏனென்றால் அந்தப் பிக்சலின் நிறத்துக்குள் பழைய வானம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் சுத்தமான கம்பி நிறமான 40 இருந்திருந்தால் 54 வந்திருக்கும், கண்ணுக்கு உறுத்தாது.

ஆகவே மாஸ்க் வேறு, நிறம் வேறு. இரண்டையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். பத்துப் பதினைந்து பிக்சலுக்கு மேல் தடித்த பொருளில் உள்ளிருக்கும் சுத்தமான நிறத்தை ஓரம் வரை இழுத்துக்கொள்ளலாம். போட்டோஷாப்பில் Select and Mask உள்ளே Decontaminate Colors என்பது அந்த வேலையைத்தான் செய்கிறது. மூன்று நான்கு பிக்சல் கம்பியில் இழுப்பதற்கு உள்ளே போதுமான நிறம் இல்லை. வரைவதே நேர்மையான வழி.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. ஜேபெக் படங்கள் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகவும் சேமிக்கின்றன. நாலு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறம். இரண்டு பிக்சல் தடிமன் உள்ள ஒரு சிவப்பு நூலை நீல வானத்தில் எடுத்தால், நூலின் வடிவம் சரியாக இருக்கும், சிவப்பு மட்டும் வானத்தோடு கரைந்து மங்கிய ஊதாவாக நிற்கும். அந்த நூலிலிருந்து எந்தப் பிக்சலைத் தொட்டு நிறம் எடுத்தாலும் உண்மையான சிவப்பு கிடைக்காது. நூல் கையில் சுற்றியிருக்கும் இடம், பலூனில் கட்டிய முடிச்சு என்று எங்கே அது தடித்துத் தெரிகிறதோ அங்கிருந்து நிறத்தை எடுங்கள்.

குடைக் கம்பிக்கு ஒரே நிறத்தில் கோடு போட்டால் போதாது. அது உலோகம், மேலே வெளிச்சக் கீற்று ஓடும், துணிக்கு அருகே இருண்டு தண்டுக்கு அருகே சற்று வெளுத்திருக்கும். அடிப்படைக் கோடு போட்டபின் லேயரில் வெறுமையான இடத்தைப் பூட்டிவிட்டு, பழைய படத்தில் அதே கம்பியின் மூன்று நான்கு இடத்திலிருந்து நடு நிறத்தை எடுத்து மென்மையான பெரிய பிரஷ்ஷால் மேலே தடவுகிறேன். பூட்டியிருப்பதால் கம்பிக்கு வெளியே வண்ணம் வழியாது. பிறகு அதே பாத்துக்கு 1 பிக்சல் பிரஷ்ஷால் வெளிர்ச் சாம்பலில் ஒரு கோடு, 35 விழுக்காடு அடர்த்தியில், வெளிச்சம் வந்த பக்கமாக ஒரு பிக்சல் நகர்த்தி. அவ்வளவுதான், கம்பி உருண்டையாகிவிடுகிறது. துணிக்கு முன்னால் இருக்கும் அசல் பகுதியும் வரைந்த பகுதியும் சந்திக்கும் இடத்தில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே உண்மையான சோதனை.

கடைசியாகக் கூர்மை. புதிதாக வரைந்த கோடு படத்தின் மற்ற ஓரங்களைவிடக் கூர்மையாக இருக்கும், லென்ஸ் வழியாக வந்த எதுவும் அவ்வளவு கூர்மையாக இருக்காது. முன்பு போட்ட பூட்டை எடுத்துவிட்டு, கம்பி லேயருக்கு அரை பிக்சல் Gaussian Blur கொடுத்தால் பெரும்பாலும் பொருந்திவிடும். பின்னால் இருக்கும் கம்பிகளுக்கு இன்னும் கொஞ்சம்.

செய்திப் படத்தில் இப்படி வரைந்து சேர்ப்பது சரியில்லை, அங்கே பின்னணியை மாற்றுவதே சரியில்லை. நான் சொல்வது ஆல்பமும் விளம்பரமும்.

கயிறு வேறு சாதி

கம்பிக்குச் சொன்னது கயிற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஊஞ்சல் கயிறு படத்தில் 30 பிக்சல் தடிமன் இருக்கலாம். அதில் புரி இருக்கிறது, புரிக்குப் புரி ஓரம் புடைத்து உள்வாங்குகிறது, தும்பு சிலிர்த்து நிற்கிறது. அதற்கு Stroke Path கொடுத்தால் மேலே கயிற்றின் நிறமும் ஓரத்தில் ரப்பர்க் குழாயின் மழமழப்பும் வரும். பார்த்தவுடனே போலி என்று தெரிந்துவிடும். இங்கே அசல் பிக்சல் வேண்டும், அசல் ஓரமும் வேண்டும்.

கயிற்றுக்குப் பின்னால் வானம் மட்டும் இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். மேலே போட்ட பங்குக் கணக்கைப் படம் முழுக்க ஒரேயடியாகச் செய்துவிடலாம், அதற்கு Levels போதும். மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பார்த்து, கயிறும் வானமும் அதிகம் வேறுபடும் சேனலை நகல் எடுங்கள். பழுப்புக் கயிறு, நீல வானம் என்றால் அது அநேகமாக நீல சேனல்தான். வானம் 230, கயிற்றின் வெளிர்ந்த பகுதி 90 என்று வைத்துக்கொள்வோம். Levels உள்ளே கறுப்பு முனையை 90-லும் வெள்ளை முனையை 230-லும் வைத்து, பிறகு நிறங்களைத் தலைகீழாக்கினால் கிடைப்பது ஒவ்வொரு பிக்சலிலும் கயிற்றின் பங்கு. சிலிர்த்த தும்புகள்கூட அரைச் சாம்பலாக அதில் வந்து நிற்கும். நடுவில் இருக்கும் சாம்பல் முனையைத் தொடக் கூடாது. தொட்டால் கணக்கு வளைந்து, கயிறு ஒன்று பருக்கும் அல்லது மெலியும்.

வானம் எங்கும் ஒரே மதிப்பாக இருக்காது. மேலே 200 என்றால் அடிவானத்தில் 240 இருக்கும். ஒரே Levels முழுக் கயிற்றுக்கும் போட்டால் மேல்பாதியில் வானம் லேசாக ஒட்டிக்கொண்டு வரும். கயிற்றை நாலைந்து துண்டாகத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்து வானத்தின் மதிப்பைக் கொடுப்பது கொஞ்சம் அலுப்பான வேலை, ஆனால் சரியாக வரும். கேமரா ஏற்கெனவே கூர்மையாக்கியிருந்தால் கயிற்றை ஒட்டி வானத்தைவிட வெளிறிய ஒரு வளையம் இருக்கும். அது 230-க்கு மேல் போவதால் Levels அதைத் தானாகவே வெட்டிவிடும்.

வெயில் நேரே அடிக்கும் கயிற்றில் இந்த முறை கைவிட்டுவிடும். ஒளி பட்ட புரிகள் வானத்துக்குச் சமமான மதிப்பை எட்டினால், கணக்கில் அவை வானமாகிவிடும், மாஸ்க்கில் ஓட்டை விழும். மாஸ்க்கை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தால் கயிற்றின் நடுவே கறுப்புப் பொட்டுகள் வரிசையாகத் தெரியும். ஓட்டை நடுவில் இருந்தால் வெள்ளைப் பிரஷ்ஷால் அடைத்துவிடலாம், ஓரத்தைத் தொடாமல். ஓரத்திலேயே இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் பென் டூலால் புரிகளின் புடைப்பைப் பின்பற்றி வெளிக்கோடாக வரைய வேண்டியதுதான். 30 பிக்சலில் ஒரு பிக்சல் தவறினால் பெரிதாகத் தெரியாது. 4 பிக்சல் கம்பிக்கு வேண்டாம் என்று சொன்ன வழியே இங்கே சரியான வழியாகிவிடுகிறது.

பட்டத்து நூல் மாதிரி ஒரு பிக்சலுக்கும் குறைந்தவற்றைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் தடிமனை மேலே சொன்னபடி குறுக்காகக் கூட்டிப் பார்த்தால் 0.6 என்று வரலாம். 0.6 பிக்சலில் பிரஷ் கிடையாது. 1 பிக்சல் பிரஷ்ஷை 60 விழுக்காடு அடர்த்தியில் வைத்தால் அதே விளைவு. நூல் தூரப் போகப் போக மங்குவதும் இப்படித்தான். உண்மையில் அது தடிமன் குறைவதுதான், ஆனால் நம் கையில் அடர்த்தியைக் குறைப்பதாக மாறுகிறது. கோட்டின் லேயருக்கு மாஸ்க் போட்டு நீண்ட கிரேடியன்ட் ஒன்று இழுத்தால் பட்டத்தை நோக்கி நூல் தானாக மங்கும். நூல் தொய்ந்து வளைந்திருக்கும் என்பதையும் பாருங்கள். நேர்கோடாகப் போட்டால் பட்டம் குச்சியில் குத்தி வைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு முனைப்புள்ளி, ஒரே வளைவு.

சரிபார்ப்பதும், தெரியாத கம்பியும்

வேலை முடிந்ததும் அடியில் மூன்று வண்ண லேயர்களைப் போட்டு மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். வெள்ளை, கறுப்பு, நல்ல சிவப்பு. கறுப்பில் வெளிர் ஓரம் காட்டிக்கொடுக்கும், வெள்ளையில் மரத்தின் பச்சை ஒட்டியிருந்தால் தெரியும், சிவப்பில் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்பது தெரியும். பிறகு படம் எந்த அளவில் போகப்போகிறதோ அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். 6000 பிக்சல் படம் இணையத்துக்காக 1200 ஆனால், 4 பிக்சல் கம்பி 0.8 ஆகிவிடும். அது சற்று மங்குவது இயல்பு. ஆனால் சுருக்கியபின் கூர்மையாக்கினால் கம்பியின் இருபுறமும் வெளிர் வளையம் புதிதாக முளைக்கும், இவ்வளவு பாடுபட்டு நீக்கியது திரும்பி வந்துவிடும். கூர்மையாக்குவதைப் பெண்ணுக்கும் துணிக்கும் மட்டும் கொடுத்து, கம்பி லேயரை விட்டுவிடலாம்.

இந்தப் படத்தில் வெளியில் தெரிய வேண்டிய துணைக் கம்பிகள் ஐந்து. நான்கை மேலே சொன்னபடி வரைந்துவிட்டேன். ஐந்தாவதற்குப் பின்னால் அந்த மரத்தின் கரிய அடிமரம். கறுப்புக்கு முன் கறுப்பு. எந்தச் சேனலிலும் கம்பி பிரிந்து தெரியவில்லை, எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான் வந்தது. அதை விட்டுவிட்டால் அந்திவானத்தில் ஒரு பக்கம் மட்டும் கம்பி இல்லாத குடை நிற்கும்.

இங்கே குடையின் அமைப்பே கைகொடுக்கிறது. துணைக் கம்பிகள் எல்லாம் தண்டில் மேலும் கீழும் நழுவும் ஒரே வளையத்திலிருந்துதான் புறப்படுகின்றன. எல்லாம் ஒரே நீளம். துணியை ஒட்டி ஓடும் பெரிய கம்பியில் ஒவ்வொன்றும் ஒரே தொலைவில்தான் போய்ப் பொருந்துகின்றன. வளையம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. பெரிய கம்பியின் தடம் துணியின் தையலாகத் தெரிந்தது. பக்கத்துக் கம்பி தன் பெரிய கம்பியில் ஏறக்குறைய எத்தனையாவது பங்கில் சேர்கிறது என்று பார்த்து, சாய்வினால் வரும் குறுக்கத்துக்காக எதிர்ப்பக்கக் கம்பியோடும் ஒப்பிட்டு, ஐந்தாவதன் சேருமிடத்தைக் குறித்தேன். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, துணிக்கு முன்னால் கம்பியைப் பிணைக்கும் சின்ன உலோகக் கவ்வியின் மினுக்கம், இரண்டே பிக்சல், குறித்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது. புள்ளியை அங்கே நகர்த்தி, வளையத்துக்கு ஒரு கோடு இழுத்து, 3 பிக்சல் பிரஷ்ஷால் வரைந்து முடித்தேன்.